கட்டில் அட்டையில் இருந்த பெயர்

என் மகளுக்கு இரண்டு பெயர். யாங்கோனில் எங்கள் ஆட்களில் ஒரே பெயரோடு இருப்பவர்களைத்தான் தேட வேண்டும். பிறந்தவுடன் காதில் சொல்வது தமிழ்ப் பெயர். பள்ளியில் சேர்க்கும்போது எழுதுவது பர்மியப் பெயர். குடும்ப அட்டை, அடையாள அட்டை, தேர்வு எல்லாம் அந்தப் பர்மியப் பெயரில்தான். வீட்டில், கோயிலில், கல்யாண வீட்டில் மற்றது. என் கணவருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஒருவருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. காலில் இரண்டு செருப்பு போட்டு நடப்பதைப் பற்றி யாராவது யோசித்துக்கொண்டே நடப்பார்களா? அதுபோலத்தான் நடந்துகொண்டிருந்தோம்.

அந்த வருடம் என் மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள். வகுப்புகளின் எண்ணிக்கையை மாற்றிவிட்டார்கள் என்றாலும் ஊரில் இன்னும் அதை 'ஸேதான்' என்றே சொல்கிறோம், அதாவது பத்தாவது. அதைத் தாண்டினால்தான் இந்த நாட்டில் மேலே எந்தக் கதவும் திறக்கும். பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் ஏற்கெனவே அவளுக்கு வருடங்கள் வீணாகியிருந்தன. "இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பு போதும், கடையில உன்கூட உக்காரட்டும்" என்று என் கணவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். கடை என்றால் தாகேதாவில் எங்கள் வீட்டின் முன்னறை. அரிசி, எண்ணெய், பருப்பு, வெங்காயம். நான் அதில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி கண்டவள். என் மகள் அங்கே வந்து உட்காரக் கூடாது என்பதில் எனக்கு வைராக்கியம்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தின்கன்ஜூனில் டியூஷன் முடிந்து லைன்கார் என்கிற டவுன்பஸ்ஸில் திரும்பி வந்தாள். இறங்க ஒரு கால் வைத்ததும் பஸ்ஸை எடுத்துவிட்டான் அந்தப் படுபாவி. தொடை எலும்பு முறிந்தது. நெற்றி கிழிந்தது. யாரோ நல்லவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவள் போனிலிருந்து அப்பாவை அழைத்தார்கள். என் கணவர் அலோனில் துறைமுகக் கிடங்கில் சரக்கு கணக்கெடுக்கிறவர். அங்கேயிருந்து ஆஸ்பத்திரி பக்கம். எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவசரப் பிரிவில் "பேர் என்ன?" என்று கேட்டதும் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டார். மகள் பெயரைத் தமிழில் சொன்னார். அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்குத் தன் பெயரையும் தமிழில் சொன்னார்! இந்த நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவரை இன்னார் என்று காட்ட அப்பா பெயரைத்தான் பக்கத்தில் எழுதுவார்கள். அதையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார் மனுஷர்.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலின் தலைமாட்டில் அட்டை மாட்டியிருந்தது. பர்மிய எழுத்தில் எங்கள் தமிழ்ப் பெயர்கள், அதுவும் பாதி உச்சரிப்பு போய்.

"இந்தாங்க, என்ன பேரு குடுத்திருக்கீங்க நீங்க?"

"புள்ளைக்கு ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல எனக்குப் பேரா முக்கியம்?"

அதற்கு மேல் அவரிடம் நான் என்ன சொல்ல? ஆனாலும் அப்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது. மறுநாள் வார்டு சிஸ்டரிடம் போய், பெயரை மாற்றித் தாருங்கள் என்றேன். "அட்மிஷன் கவுன்டர்ல கேளுங்க" என்றாள். கவுன்டரில், "டிஸ்சார்ஜ் ஆகும்போது பாத்துக்கலாம், இப்ப எதுக்கு?" என்றார்கள். திரும்பி வந்து சிஸ்டரிடம் சொன்னால், "கவுன்டர்ல மாத்தாம நான் எப்படி மாத்துறது?" மறுபடி கவுன்டர். பர்மிய மொழியில் முடியாது என்பதற்கு 'மயாபூ' என்று ஒரு சொல் இருக்கிறது. சிரித்த முகத்தோடு, தலையைச் சாய்த்து, குரலை உயர்த்தாமல் சொல்வார்கள். கோபமாகச் சொன்னாலாவது திருப்பிக் கத்தலாம். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம் என்ன செய்வது?

மகளின் காலில் கம்பி செலுத்தி, கயிற்றில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு வரிசை. வரிசை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் மட்டும் தெளிவாகச் சொன்னார்: கட்டிலைவிட்டு அசைக்கக் கூடாது, தேர்வு மையத்துக்குக் கொண்டுபோகிற பேச்சே வேண்டாம்.

பார்க்க வந்த உறவெல்லாம் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு புத்திமதியும் கொண்டுவந்தது. என் நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகள் காதில் விழும்படியே, "ஏன் அண்ணி இப்படி அலையுறீங்க? அடுத்த வருஷம் எழுதட்டுமே. உசிரா போயிடும்?" என்றாள்.

"ஒங்க மகனுக்குக் கால் ஒடிஞ்சிருந்தா இதையே சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். போகட்டும். கால்தான் ஒடிந்தது, தலை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருவராவது நினைத்தார்களா? படுத்தபடியே இயற்பியல் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என் பிள்ளை. வலி வரும்போது நிறுத்துவாள், போனதும் தொடர்வாள்.

ஆஸ்பத்திரியிலேயே தேர்வு எழுத வழி இருக்கிறது என்று பள்ளித் தலைமை ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருடா வருடம் யாராவது எழுதுகிறார்களாம். பள்ளி வழியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நகர முடியாது, ஆனால் எழுத முடியும் என்று டாக்டர் சான்று தர வேண்டும். எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகம் அனுமதித்தால், பக்கத்துத் தேர்வு மையத்திலிருந்து ஒரு ஆசிரியை கேள்வித்தாளை முத்திரையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார். கூட ஒரு போலீஸ். மற்ற பிள்ளைகள் எழுதும் அதே நேரத்தில் இவளும் எழுத வேண்டும். அதே எண், அதே கேள்வி. முடிந்ததும் விடைத்தாளை உறையிலிட்டு மூடி மையத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள். கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஊரிலும் யாரோ எப்போதோ நம் பிள்ளையைப் போன்றவளை நினைத்து ஒரு வழி வைத்திருக்கிறார்களே!

அந்தச் சந்தோஷம் டாக்டர் சான்று கையில் வரும்வரைதான். டாக்டர் அட்டையைப் பார்த்துத்தானே எழுதுவார்? தமிழ்ப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். தலைமை ஆசிரியை அதை வாங்கிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, "இது யாரு?" என்றார்.

"என் பொண்ணுதான், சயாமா. வீட்டுல கூப்பிடுற பேரு." ஆசிரியைகளை இங்கே சயாமா என்றுதான் சொல்வோம்; ஆண் ஆசிரியர், டாக்டர் என்றால் சயா.

அவர் எரிச்சல்படவில்லை. எங்களைப் போன்ற பிள்ளைகளை நிறையப் பார்த்தவர். எங்கள் வீட்டுப் பகுதியின் நிர்வாக அலுவலகத்தில் போய், இரண்டு பெயரும் ஒருவரே என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார். வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று சொல்ல ஆரம்பித்தால் அதுவே தனிக் கதை. "ரெண்டு பேர் எதுக்கு வச்சீங்க?" என்று அந்த அலுவலகத்தில் ஒரு ஆள் என்னிடம் கேட்டான். என்னிடம்! ஒரே பெயரோடு, அதுவும் எங்கள் பெயரோடு, இந்த ஊரில் பள்ளிக்குப் போயிருந்தால் என் மகளை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன். காரியம் ஆக வேண்டுமே.

கடிதம், சான்று, விண்ணப்பம் எல்லாம் கல்வி அலுவலகத்துக்குப் போயின. அனுமதி வந்தது. அந்தக் கடிதம் அங்கேயே கோப்பில் தங்கிவிடும், தேர்வு மையத்துக்கு வெறும் அனுமதியும் அவள் பர்மியப் பெயரும்தான் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடிதத்தை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தைய நாட்களில் எங்களுக்கு வேறு கவலைகள். மல்லாந்து படுத்து எழுதினால் பால்பாயின்ட் பேனா இரண்டு வரிக்கு மேல் எழுதாது, மை இறங்காது. இதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. பென்சிலால் விடை எழுதக் கூடாது. சின்ன நர்ஸ் ஒருத்தி, நல்ல பெண், டாக்டரிடம் கேட்டு, எடைக்கயிறு கெடாத அளவுக்குத் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையைக் கட்டிலின் குறுக்கே தள்ளி, அதன்மேல் தலையணை வைத்து, தலையணைமேல் எழுதும் அட்டை. அப்படிச் சாய்த்தால் பேனா எழுதியது. வலது கையில் குத்தியிருந்த ட்ரிப் ஊசியை இடது கைக்கு மாற்றினாள். ஊசி குத்தும்போது என் மகள் சிரித்தாள். எழுத வலது கை கிடைத்த சந்தோஷம்.

முதல் நாள் பர்மிய மொழித் தேர்வு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. விடியற்காலையிலேயே அவளைத் துடைத்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். கீழே, கைலி மாதிரியான பச்சை லௌஞ்சியைப் போர்வைபோல் விரித்தேன். காலில் கம்பி இருப்பவளுக்கு லௌஞ்சி எப்படிக் கட்ட? ஆனாலும் பள்ளிச் சீருடை வேண்டும் என்றாள். வார்டின் மூலையில் அவள் கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார்கள். இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருப்போம், சாப்பாடு கொடுப்பதும் கழுவிவிடுவதும் நாங்கள்தான். அந்த மூன்று மணி நேரமும் நான் வெளியே இருக்க வேண்டும், உள்ளே நர்ஸ் ஒருத்தி மட்டும் இருக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சரி, நியாயம்தான். வராந்தாவில் வார்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தேர்வு மையத்திலிருந்து சயாமா வந்தார். ஐம்பது வயதிருக்கும். சுத்தமான உடை, தலையில் ஒரு பூ. பின்னால் போலீஸ்காரர். சயாமா கேள்வித்தாள் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

உள்ளே போனார். என் மகளின் தேர்வு அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். அப்புறம் தலைமாட்டு அட்டையைப் பார்த்திருக்கிறார். வெளியே வந்துவிட்டார்.

"அந்தக் கட்டில்ல இருக்கறது வேற ஆள்" என்றார் என்னிடம், பர்மிய மொழியில், மெதுவாக.

"இல்ல சயாமா, என் பொண்ணுதான். ரெண்டும் அவ பேருதான்."

"அப்பா பேரும் வேறயா இருக்கு."

"அதுவும் அவரு பேருதான்!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் சொல்லச் சொல்ல, ஏதோ பொய்க்குமேல் பொய் அடுக்குகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தேர்வு அட்டையில் போட்டோ இருக்கிறதே என்றேன். போட்டோவில் நெற்றி தெரிய இரட்டைச் சடை. கட்டிலில் கிடப்பவளுக்கு நெற்றியில் கட்டு, ஒரு கண் வீங்கி, கன்னமெல்லாம் பொருக்கு. "அதே பொண்ணு மாதிரிதான் இருக்கு," என்றார் அவரும். "ஆனா 'மாதிரி'ன்னு நான் எழுதிக்குடுக்க முடியாது. ஒருத்திக்குப் பதிலா இன்னொருத்தி எழுதுறதைத் தடுக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

போனில் இருந்த கடிதத்தின் படத்தைக் காட்டினேன். போனில் உள்ளதை ஏற்க முடியாது, முத்திரையோடு காகிதம் வேண்டும் என்றார். மயாபூ. போலீஸ்காரரைக் கூப்பிட்டு, போனில் தேர்வு மையத் தலைவரிடம் பேசச் சொன்னார். தலைவர், கல்வி அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை உறையைப் பிரிக்காதே என்றாராம். கல்வி அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டிய அதிகாரி மையங்களைப் பார்வையிடப் போயிருந்தார். தேர்வு முதல் நாள் அவர் அலுவலகத்தில் இருக்க மாட்டார்தானே. அது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வார்டுச் சுவரில் கடிகாரம் ஒன்பதைத் தாண்டியது. ஊரெல்லாம் பிள்ளைகள் எழுத ஆரம்பித்திருப்பார்கள். என் மகள் சாய்ந்து உட்கார்ந்து, கையில் பேனாவோடு, முன்னால் காலி மேசையோடு காத்திருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம். எனக்கு அடக்க முடியவில்லை.

"எங்கிருந்து வந்து ஒருத்தி அவளுக்குப் பதிலா கம்பி குத்திக்கிட்டுப் படுத்துக் கெடப்பா?" என்று கத்தினேன். "தேர்வு எழுத யாராவது தொடையை ஒடிச்சுக்குவாங்களா? போய் அந்தப் புள்ளையைக் கேளுங்க, அவ பேரு என்னன்னு! என் பொண்ணு பேரு இதுதான்!" தமிழ்ப் பெயரை உரக்கச் சொன்னேன். "இதுதான் நான் வச்ச பேரு! மத்தது நீங்க கேட்டதால வச்சது!" பர்மிய மொழி பாதி, தமிழ் பாதி. அந்தப் பெயரை எத்தனை தடவை கத்தினேனோ. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நோயாளிகளோடு இருந்தவர்கள் கதவண்டை வந்து நின்றார்கள். சிஸ்டர் ஓடி வந்து, "நோயாளிங்க இருக்காங்கம்மா" என்றாள். "அதுல ஒருத்தி என் மக!" என்றேன்.

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. இதை என் அம்மா சொல்வாள், கணவர் சொல்வார், கடைக்கு வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். அன்றைக்குக் கத்தியதற்கு நான் இன்னும் வருத்தப்படவில்லை. கத்தாமல் இருந்திருந்தால் அந்த டாக்டர் வந்திருக்க மாட்டார்.

பக்கத்து வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு வந்தார். சான்று எழுதிக் கொடுத்த அதே டாக்டர். விஷயத்தைக் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார். சிஸ்டரிடம், "முதல் நாளே இந்தம்மா பேரை மாத்தச் சொன்னாங்களா?" என்றார்.

"சொன்னாங்க சயா. கவுன்டர்ல..."

"அட்டையைக் கழட்டிக்கிட்டு வாங்க."

அட்டையில் தமிழ்ப் பெயர்களுக்குக் கீழே அவளுடைய பள்ளிப் பெயரையும் அப்பாவின் பர்மியப் பெயரையும் எழுதினார். ஆஸ்பத்திரித் தாளில் தனியாக, இவள் அடிபட்டு வந்த நாளிலிருந்து என் பொறுப்பில் இருக்கிற நோயாளி, இரண்டு பெயருக்கும் உரியவள் இவள் ஒருத்தியே, நான் சான்றளித்ததும் இவளுக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் முத்திரை வைத்தாள். மொத்தமே கொஞ்ச நேரம்தான். இந்தக் கொஞ்ச நேர வேலைக்குத்தான் நான் கவுன்டருக்கும் வார்டுக்கும் நாயாய் அலைந்தேன்!

"எனக்கு இதுபோதும்" என்றார் சயாமா. மையத் தலைவருக்கு மறுபடி தகவல் போய், பிரிக்கலாம் என்று உத்தரவு வந்தது. அவர் உள்ளே போகுமுன் நான் கடிகாரத்தைக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி போயிருந்தது.

"போன நேரத்தைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

அவர் போலீஸ்காரரிடம் அதையும் கேட்கச் சொன்னார். இதை நான் மறைக்க மாட்டேன், அவராகத்தான் கேட்கச் சொன்னார். பதில் வந்தது. எல்லாருக்கும் பன்னிரண்டு என்றால் இவளுக்கும் பன்னிரண்டு. கேள்வித்தாள் வெளியே போகிற நேரம் எல்லா இடத்திலும் ஒன்று.

"என்னால அதுக்கு மேல மயாபூ, அக்கா" என்றார். என்னைவிட வயதில் மூத்தவர் என்னை அக்கா என்றார். என் கோபத்துக்குப் பயந்தா, இரக்கப்பட்டா, தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் சரி, மையத் தலைவர் சரி, கவுன்டர்காரன் சரி, சிஸ்டர் சரி, என் கணவரும் பாவம் பதற்றத்தில் சொன்னவர். எல்லாரும் சரியாக இருந்து என் மகள் மட்டும் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு விடைத்தாளை வாங்கி, அவள் கண்முன்னாலேயே உறையிலிட்டு மூடினார்கள். நான் உள்ளே ஓடினேன். கட்டுரையைப் பாதியில் விட்டிருந்தாள். சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. கேட்டால், "எழுதினேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் ஒரு சிக்கலும் இல்லை. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் பாடங்கள். அந்தச் சயாமா வரவில்லை, வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். அட்டையையும் டாக்டர் கடிதத்தையும் பார்த்தார்கள், உறையைப் பிரித்தார்கள். கணக்கன்று பக்கத்துக் கட்டில் பாட்டி விடாமல் முனகினாள். வேதியியலன்று பெட்பேன் கேட்க வெட்கப்பட்டு மூன்று மணி நேரமும் அடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறாள். இரவெல்லாம் வலியில் கிடந்துவிட்டுக் காலையில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு நாளும் அழவில்லை. நான்தான் வராந்தாவில் அழுதேன்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று என் கணவர் வேலையிலிருந்து வரும்போது அவளுக்குப் பிடித்த சமூசா சாலட் வாங்கி வந்தார். கட்டில் அருகே நின்று, தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "முடிச்சிட்டியே ராசாத்தி!" என்றார். அவள் தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். சாப்பிடவில்லை.

"அப்பா, அம்மா. ஒண்ணு கேக்கணும்."

"கேளு தங்கம்."

"இனிமே என்னை வீட்லயும் பள்ளிக்கூடத்துப் பேர்லயே கூப்பிடுங்க."

அவர் சிரித்தார். கேலி என்று நினைத்தார். எனக்குக் கேலி இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது.

"ஏன்டி?"

"நீங்க அன்னிக்குக் கத்தினீங்கல்ல. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி. நான் உள்ள இருந்தேம்மா. அந்தச் சயாமா போலீஸ்காரரைக் கட்டில்கிட்ட நிக்க வச்சிட்டுத்தான் வெளிய வந்தாங்க. அவரு போன் பண்ணிட்டு வந்தும் திரும்ப அங்கதான். என்னைப் பாத்துக்கிட்டு நின்னாரு. திரை விலகும்போதெல்லாம் வார்டே என்னைத் திருடி மாதிரிப் பாத்துச்சு. நீங்க ஒவ்வொரு தடவை அந்தப் பேரைச் சொல்லும்போதும் அவரு அட்டையைப் பாத்தாரு, அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தாரு." குரல் உடையவே இல்லை அவளுக்கு. "எனக்கு ரெண்டு பேர் வேணாம்மா."

"அது ஒன் பேருடி!" என்றேன். "நான் ஒன் காதுல மூணு தடவை சொன்ன பேரு! எவனோ ஒரு கவுன்டர்காரன் எழுத மாட்டேன்னான்னு, எவனோ ஒரு போலீஸ்காரன் பாத்தான்னு நீ அதைத் தூக்கிப் போடுவியா?"

"நீங்க வச்சீங்க. நான்தானே சுமக்குறேன்."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவசரப் பிரிவில் பிள்ளையின் உயிருக்குப் பயந்து நின்றபோது அவர் வாயில் தானாக வந்த பெயர் அது. அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் விழுந்திருக்கும்.

அவள் தேறிவிட்டாள். பர்மிய மொழியில் மட்டும் மதிப்பெண் மட்டம், மற்றதெல்லாம் நன்றாகவே வந்தது. பள்ளிப் பலகையில் எண்ணையும் பெயரையும் அப்பா பெயரையும் பார்த்து என் கணவர் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தார். என் நாத்தனார் லட்டு கொண்டுவந்தாள். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள், கல்லூரிக்குப் போகிறாள். கடையில் உட்கார வரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அந்தப் பர்மியப் பெயரில் அவளைக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. கடையில் ஆள் நிற்கும்போது உள்ளேயிருந்து ஏதாவது எடுத்துவரச் சொல்ல வேண்டுமென்றால், முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பேன். இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் இருக்கும் அறைவரை நடந்துபோய், தோளைத் தொட்டுத்தான் சொல்கிறேன்.